எதிர்காற்றும் ஒரு வரியும்: செட்டிநாட்டில் சைக்கிள் பயணம்

ஜனவரி 23, வெள்ளி: காரைக்குடி, குன்றக்குடி, பிள்ளையார்பட்டி

கிளம்பும் முன்பே தங்கை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நாளுக்கு ஒரே ஒரு படம்தான் போட வேண்டும், அதற்குக் கீழே ஒரே ஒரு வரிதான் எழுத வேண்டும், அந்த வரியைப் படிக்கிறவர்களுக்கு நாங்கள் களைத்துப்போனதும் தெரிய வேண்டும், சந்தோஷமாக இருந்ததும் தெரிய வேண்டும். சைக்கிளில் நான்கு பேர் போகிறோம்: நான், தங்கை, அவளோடு வங்கியில் வேலை பார்க்கும் தோழி, அப்புறம் என் கல்லூரி நண்பன். அவனை நாங்கள் எல்லாரும் ஈரோட்டான் என்றுதான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

காரைக்குடியில் காலை ஆறரைக்கு லேசான பனி இருந்தது. டீக்கடையில் டீயும் உளுந்த வடையும் சாப்பிட்டுவிட்டு மேற்கே குன்றக்குடி சாலையைப் பிடித்தோம். தைப்பூசத்துக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை, அதனால் பழனிக்கு நடந்து போகிறவர்கள் சாலை ஓரமெல்லாம் தென்பட்டார்கள். நகரத்தார் காவடி குன்றக்குடியில் கூடித்தான் பழனிக்குக் கிளம்பும், பல தலைமுறைகளாக நடக்கும் வழக்கம் அது. காவியும் பச்சையும் கட்டியவர்கள், தலையில் துண்டு, தோளில் ஒரு பை, பாதிப் பேர் காலில் செருப்பில்லை. நாங்கள் சைக்கிள் மணி அடித்தால் ஒதுங்கி வழிவிட்டு "முருகா"ன்னு ஒரு குரல் கொடுக்கிறார்கள். பதிலுக்கு நாங்களும் சொல்லப் பழகிக்கொண்டோம்.

குன்றக்குடி மலையடிவாரத்தில் சைக்கிளைப் பூட்டிவிட்டுப் படியேறிச் சண்முகநாதரைப் பார்த்துவிட்டு இறங்கினோம். கீழே ஒரு மரத்தடியில் நடைப்பயணக்காரர்கள் கொஞ்சம் பேர் உட்கார்ந்திருந்தார்கள், அதில் அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் பாதத்துக்கு நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். தோழி போய், "ஐயா, கால் வலிக்குதா?" என்று கேட்டாள். அவர் நிமிர்ந்து பார்த்து, "எந்தக் கால்னு கேளும்மா" என்றார். சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள், அவரும்தான். எங்களுக்கு ஆளுக்கு ஒரு டம்ளர் சுக்குக் காபி கொடுத்தார்கள், காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்கள்.

பிள்ளையார்பட்டி அங்கிருந்து பக்கம்தான். கற்பக விநாயகரைத் தரிசித்துவிட்டு, விடுதி அறையில் பையைப் போட்டுவிட்டு, படுத்தபடியே படத்துக்கு வரி யோசிக்க ஆரம்பித்தோம். படம் ஈரோட்டான் எடுத்தது, நாங்கள் மூன்று பேரும் கோயில் குளக்கரையில் சைக்கிளோடு நிற்கிறோம். தங்கை முதலில் எழுதியது "உடம்பு முழுக்கச் சோர்வு, மனசு முழுக்க மகிழ்ச்சி". நான்கு பேருக்கும் அது பிடிக்கவில்லை. சோர்வும் மகிழ்ச்சியும் அதில் வார்த்தையாக இருக்கின்றனவே தவிர, கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. எந்த ஊர்க்காரன் எந்த மலையில் ஏறினாலும் அதே வரியைப் போட்டுக்கொள்ளலாம். அந்தப் பெரியவர் எண்ணெய்க் கையோடு சொன்ன மூன்று சொல்லில் அவர் வலியும் இருந்தது, அவர் குணமும் இருந்தது. வலிக்கிறது என்றுகூட அவர் சொல்லவில்லை.

கடைசியில் அவர் சொன்னதையே போட்டோம், அவர் சொன்னது என்று குறிப்பிட்டு:

*"எந்தக் கால்னு கேளும்மா." குன்றக்குடியில், பழனிக்கு நடந்து போகும் ஒரு பெரியவர் சொன்னது. நாங்கள் சைக்கிளில்தான் போகிறோம்.*

ஜனவரி 24, சனி: பிள்ளையார்பட்டி, ஆத்தங்குடி, கானாடுகாத்தான்

இன்றைக்கு நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

பெரிய சாலையை விட்டுவிட்டு ஊர்களுக்குள் புகுந்து போகும் சின்னச் சாலையில் ஆத்தங்குடிக்குப் போவது என்று முடிவு. செம்மண், இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், அங்கங்கே ஊருணி, ஊர் எல்லையில் மண்குதிரையோடு அய்யனார். ஊருணிகளில் தண்ணீர் இருந்தது. மழை பெய்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை என்பதால் வரப்புகளில் இன்னும் பச்சை மிச்சம். சைக்கிள் ஓட்ட இதைவிட நல்ல மாதம் இந்தப் பக்கம் கிடையாது, சித்திரையில் இதே சாலையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஆனால் சீமைக்கருவேல முள் மாதம் பார்ப்பதில்லை. தோழியின் சைக்கிளில் பின்சக்கரம் திருப்பத்தில் லேசாக ஆடுகிறது என்றாள். முள் குத்தினால் பெரும்பாலும் படாரென்று காற்று போகாது, முள்ளே துளையை அடைத்துக்கொண்டிருக்கும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். திருப்பத்தில் வண்டி மிதக்கிற மாதிரி இருந்தாலோ, சின்னக் கல்லில் ஏறும்போது ரிம் தட்டுகிற மாதிரி இருந்தாலோ இறங்கிப் பார்த்துவிட வேண்டும். இறங்கிப் பார்த்தோம், பாதிக்காற்றுதான் இருந்தது.

ஈரோட்டான் டியூபைக் கழற்றி, காற்றடித்து, கன்னத்துப் பக்கம் வைத்துத் துளையைக் கண்டுபிடித்தான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, பளபளப்பு அடங்கும்வரை காயவிட்டு, அப்புறம் ஒட்டினான். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் பிடிக்காது, அந்த ஐந்து நிமிடம் பொறுத்தே ஆக வேண்டும். மாட்டிக் காற்றடித்துக் கிளம்பினோம். இரண்டு கிலோமீட்டர்கூடப் போகவில்லை, மறுபடியும் அதே சக்கரம் இறங்கிவிட்டது.

இந்த முறை ஒரு சின்ன ஊருக்குள், ஓட்டு வீட்டுத் திண்ணை ஓரம். வெயில் ஏறிவிட்டது, பிள்ளையார்பட்டியில் சாப்பிட்ட இரண்டு இட்லி போன இடம் தெரியவில்லை, யாருக்கும் பேசவே தெம்பில்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பத்தா எழுந்துபோய் ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். "டியூப தண்ணிக்குள்ள விட்டுப் பாருங்கப்பா, காதுல வச்சா என்னா தெரியும்?" என்றார். தண்ணீருக்குள் அமுக்கினால் புதுத் துளை ஒன்று, முதல் ஒட்டுக்கு ஒரு விரல் தள்ளிக் குமிழி விட்டது.

ஏன் அங்கேயே மறுபடியும் என்றால், முள்ளின் முனை டயருக்குள்ளேயே உடைந்து நிற்கிறது. டியூபை மட்டும் ஒட்டிவிட்டு டயரைப் பார்க்காமல் விட்டால் இப்படித்தான் நடக்கும். அதைத் தேட ஒரு வழி இருக்கிறது. டியூபை டயரின் மேல் எப்படிக் கிடந்ததோ அப்படியே வைத்து, வால்வை அதன் இடத்துக்கு நேராக வைத்துக்கொண்டால், டியூபில் துளை எங்கே இருக்கிறதோ டயரில் அதே இடத்தில் முள் இருக்கும். ஈரோட்டான் அந்த இடத்தில் உள்பக்கமாகக் கைக்குட்டையை இழுத்தான், நூல் மாட்டியது. வெறும் விரலால் தடவினால் விரலில் ஏறிவிடும், துணிதான் நல்லது. அரிசி அளவுகூட இல்லாத கறுப்பு முனை ஒன்று. வெளியே இருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. தோழி வைத்திருந்த புருவம் திருத்தும் இடுக்கியால் அதைப் பிடுங்கி எடுத்தோம்.

அது வெளியே வந்த நிமிடம் நான்கு பேரும் கத்தியே விட்டோம். எதிர்வீட்டுக்காரர் என்ன ஏது என்று வெளியே வந்து பார்த்தார். அப்பத்தா அந்த முள்ளை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கா இம்புட்டு?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு சொம்பு நீராகாரமும் சின்ன வெங்காயமும் கொண்டுவந்தார். உப்புப் போட்டது, லேசான புளிப்பு. வியர்த்துக் கொட்டிய உடம்பு முதலில் கேட்பது உப்பும் தண்ணீரும்தான், கூடவே கொஞ்சம் சோற்றுப்பருக்கையும் இருந்தால் போதும், பத்து நிமிடத்தில் ஆள் நிமிர்ந்துவிடலாம். நான் அப்படித்தான் நிமிர்ந்தேன். தங்கை அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள், அவர் அவள் தலையைத் தடவி, "மகராசியா இரு, ஆனா வெயிலுக்கு முந்திப் போயிச் சேரு" என்றார்.

ஆத்தங்குடிக்குப் பதினோரு மணிக்கு மேல்தான் போய்ச் சேர்ந்தோம். தரைக்கல் போடும் பட்டறை ஒன்றுக்குள் விட்டார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம், அதற்குள் தகரத்தில் பூ வடிவம் செய்த அச்சு. ஒவ்வொரு அறைக்குள்ளும் கரண்டியால் சிமெண்ட் வண்ணக் குழம்பை ஊற்றுகிறார்கள், பச்சை, சிவப்பு, மஞ்சள். அச்சைத் தூக்கும்போது நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அதன் மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பிறகு ஈரக் கலவை போட்டுத் தேய்த்துச் சமன் செய்கிறார்கள். ஒரு நாள் காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் நாட்கணக்கில் ஊறுகிறது, சூளை கிடையாது. கடைசியில் கண்ணாடி தானாக நழுவும், அந்தக் கண்ணாடியின் வழவழப்புதான் கல்லின் பளபளப்பு. பட்டறையில் இருந்த அண்ணன், "மிதிக்க மிதிக்கத்தான் மினுக்கும், தம்பி" என்றார்.

அப்புறம் பார்வைக்குத் திறந்துவிட்டிருக்கும் ஒரு பெரிய வீட்டுக்குள் போனோம். முகப்பு தாண்டி வளவுக்குள் கால் வைத்ததும் தரையின் குளிர்ச்சி காலுறை வழியாகவே ஏறியது. வெளியே கண் கூசும் வெயில். தூணோரம் நான்கு பேரும் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டோம். தங்கை காலுறையைக் கழற்றினாள், கணுக்கால் வரை செம்மண், அதற்குக் கீழே காலுறை இருந்த இடம் மட்டும் வெள்ளை. அந்தக் கால்களைத்தான் படமெடுத்தோம், முகம் வரவே இல்லை. இன்றைய வரி உடனே வந்துவிட்டது, யோசிக்கவே இல்லை:

*ஆத்தங்குடித் தரை குளிர்ந்திருக்கிறது. வீட்டுக்காரர் வந்து சொன்னால்தான் எழுந்திருப்போம்.*

இதில் சோர்வு என்றும் இல்லை, சந்தோஷம் என்றும் இல்லை. எனக்கு இது நேற்றையதைவிடப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் படத்தில் செம்மண் கால் தெரிகிறது, தரையின் குளிர்ச்சி தெரியாது. தெரியாததை மட்டும் வரி சொல்கிறது.

மாலை கானாடுகாத்தானில் தங்கிய வீட்டில் ஆச்சி வெள்ளைப் பணியாரம் ஊற்றினார். உழக்கில் பச்சரிசியைத் தலைதட்டி, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்தால் அதுதான் அளவு. ஊறவைத்து வெண்ணெயாக அரைத்து, கொஞ்சம் பாலும் துளி சர்க்கரையும் உப்பும். எண்ணெயில் ஒரு கரண்டி ஊற்றி, அது எழும்பித் திரும்பும்வரை அடுத்ததை ஊற்றக் கூடாது. நாங்கள் சுற்றி நின்று பசியோடு பார்த்துக்கொண்டிருந்ததில், "ஒண்ணு ஒண்ணாத்தான் வரும், கண்ணுகளா, உக்காருங்க" என்றார். வரமிளகாய்ச் சட்னியோடு எத்தனை சாப்பிட்டோம் என்று யாரும் எண்ணவில்லை.

ஜனவரி 25, ஞாயிறு: திருமயம் போய்வந்தது

கானாடுகாத்தானிலிருந்து திருமயம் வடக்கே, தூரம் பெரிதில்லை. ஆனால் தை மாதம் காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. வீட்டு வாசலில் சாதாரணமாகத்தான் தெரியும், திறந்த வெளிச் சாலைக்கு வந்ததும் நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். சமதரையில் ஏற்றம் ஏறுகிற மாதிரி மிதிக்க வேண்டியிருந்தது.

இதற்கு ஒரே வழி வரிசையாகப் போவதுதான். முன்னால் ஒருவர் காற்றை வாங்கிக்கொள்வார், பின்னால் வருகிறவர் அவர் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி ஒட்டியே வந்தால் மிதிப்பது கண்கூடாக எளிதாகிறது. மைல்கல்லுக்கு மைல்கல் முன்னால் இருப்பவர் ஓரம் ஒதுங்கிக் கடைசிக்கு வந்துவிடுவார். திடீரென்று பிரேக் பிடிக்கக் கூடாது, குழி வந்தால் கையால் காட்ட வேண்டும், இந்த இரண்டும் இல்லாவிட்டால் நான்கு பேரும் ஒன்றாக விழ வேண்டியதுதான். லாரி வரும் சாலையில் இதைச் செய்ய மாட்டோம், ஊர்ச் சாலைகளில் மட்டும்.

பாதி வழியில் தோழிக்கு முழங்கால் முன்பக்கம் வலி. முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்ந்திருக்கிறது என்று அர்த்தம். குதிகாலைப் பெடலில் வைத்து அதைக் கீழே அமுக்கினால் கால் நேராக நீள வேண்டும், அவளுக்கு முழங்கால் மடங்கியே நின்றது. ஒரு விரற்கடை உயர்த்தினோம். வலி உடனே போகவில்லை, ஆனால் மேற்கொண்டு ஏறவில்லை என்றாள். சாயங்காலம் வரை தாங்கியது.

திருமயம் கோட்டை சேதுபதி காலத்தது, 1687 என்று சொல்கிறார்கள். ஒரே பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது. கீழே குடைவரையில் பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார், பக்கத்திலேயே சிவனும். மிதித்துக் களைத்த தொடையோடு பாறைப்படி ஏறினால் கால் தன்னால் நடுங்குகிறது, தங்கை இரண்டு கையையும் தரையில் ஊன்றித்தான் கடைசிப் பகுதியை ஏறினாள். மேலே பீரங்கி, சுற்றிலும் பாறை, கண்மாய், பனை, தூரத்தில் கோபுரங்கள்.

மேலே ஏறியதும் அதே காற்று. மறைப்பே இல்லாமல் அடித்தது. வழியெல்லாம் எங்களைப் பின்னுக்குத் தள்ளியது இங்கே சட்டைக்குள் புகுந்து முதுகை உலர்த்தியது, பீரங்கிப் பக்கத்தில் நான்கு பேரும் கையை விரித்துக்கொண்டு அப்படியே நின்றோம். ஒரு குடும்பம் மேலே வந்திருந்தது. அந்த அம்மா, "எங்கேருந்து மிதிச்சு வர்றீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டதும் தூக்குச்சட்டியைத் திறந்து புளியோதரையை எங்கள் கையில் வைத்தார். கை கழுவவில்லை என்று சொன்னோம், "மலைமேல என்னங்க கழுவுறது" என்றார்.

படம் அவர் மகன் எடுத்துக்கொடுத்தது, கை விரித்து நிற்பது. முடி ஒரு பக்கம், சட்டை ஒரு பக்கம், எல்லார் கண்ணும் பாதி மூடியிருக்கிறது. படத்தை அங்கேயே எடுத்ததுதான் நல்லது என்பேன். கீழே இறங்கி முகம் கழுவி, இளநீர் குடித்து, நாற்பது ரூபாய் கொடுத்துவிட்டு நின்று எடுத்த இன்னொரு படமும் இருக்கிறது, அதில் சுற்றுலாவுக்கு வந்த நான்கு பேர் நிற்கிறார்கள், மிதித்து வந்தவர்கள் இல்லை. களைப்பு முகத்தில் பத்து நிமிடம்தான் நிற்கும்.

வரி எழுத இரவு ஒரு மணி நேரம் சண்டை. ஈரோட்டான் எழுதியது நீளம்: எத்தனை கிலோமீட்டர், காற்றின் வேகம், எத்தனை முறை ஆள் மாறினோம், புளியோதரை எல்லாம் அதில் இருந்தது. போனில் பார்க்கும்போது முதல் இரண்டு வரிதான் தெரியும், மிச்சம் மடிந்துவிடும், புளியோதரை மடிப்புக்குள் போய்விட்டது. தோழி எழுதியது "கால் நடுங்குது, கை பறக்குது". எனக்கு அது நிஜமாகவே பிடித்தது, ஆனால் கோட்டையும் காற்றும் அதில் இல்லை. கடைசியில் தங்கை சொன்னதை எல்லாரும் ஒத்துக்கொண்டோம்:

*திருமயம் கோட்டை உச்சி. காலையெல்லாம் எங்களோடு மல்லுக்கு நின்ற காற்று இதுதான்.*

படத்தைப் பார்த்தவருக்கு சந்தோஷம் கையிலேயே தெரிகிறது. அதனால் வரிக்கு மிதித்துப் பட்ட பாட்டைச் சொல்லும் வேலை மட்டும்தான். நேற்று கால்களின் படத்தில் களைப்பு தெரிந்தது, வரி சுகத்தைச் சொன்னது. படம் எதைக் காட்டுகிறதோ அதை விட்டுவிட்டு மற்றதை எழுதினால் இரண்டும் சேர்ந்துவிடுகிறது.

திரும்பும்போது காற்று முதுகில். மிதிக்காமலே உருண்டுவந்தோம், தோழி பாட்டுப் பாடிக்கொண்டே வந்தாள்.

ஜனவரி 26, திங்கள்: கானாடுகாத்தான், கோட்டையூர், காரைக்குடி

குடியரசு தினம். கானாடுகாத்தான் தெருக்களில் காலையில் ஆளே இல்லை, பூட்டிய வீடுகளின் சுவரை ஒட்டியே ஒரு தெரு நீளம் போக வேண்டியிருக்கிறது, ஒரு வீட்டு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். கிளம்பும்போது ஆச்சி சீப்புச் சீடை ஒரு பொட்டலம் கட்டிக்கொடுத்தார்.

கோட்டையூர் தாண்டி, கொடியேற்றம் முடிந்து வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அரசாங்கம் கொடுத்த சைக்கிள், சட்டையில் குத்திய கொடி, வாயில் மிட்டாய். இரண்டு பையன்கள் எங்களைப் பார்த்ததும் பந்தயம் என்று முடிவு செய்துவிட்டார்கள், கியர் கிடையாது, ஒருவன் பின்னால் இன்னொருவனை உட்காரவைத்திருக்கிறான். ஈரோட்டான் கியர் சைக்கிளில் எழுந்து நின்று மிதித்தும் அவர்களைப் பிடிக்க முடியவில்லை. அடுத்த ஊர்த் திருப்பத்தில் காத்திருந்து ஆளுக்கு ஒரு மிட்டாய் கொடுத்துவிட்டு, "நீங்க ரொம்ப தூரம் வந்திருப்பீங்க, அதான்ணே" என்று ஈரோட்டானைத் தேற்றினார்கள். பதினாறு வயதில் அந்தப் பெருந்தன்மை யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை.

காரைக்குடிக்குள் வந்து மெஸ்ஸில் உட்கார்ந்தபோது மணி பன்னிரண்டரை. இலையில் கோழிக் குழம்பு வந்ததும் யாரும் பேசவில்லை. அந்த இலைகளை, எல்லாம் வழித்துச் சுத்தமாக மடித்தபிறகு, தங்கை படமெடுத்தாள். பின்னால் கண்ணாடிக் கதவு வழியாக நான்கு சைக்கிளும் சுவரில் சாய்ந்து நிற்பது தெரிகிறது. இதற்கு என்ன வரி என்பதில் இன்னும் முடிவு ஆகவில்லை. தங்கையும் தோழியும் "மூன்றாவது தடவை சாப்பாடு யாருக்கு என்று சர்வர் கேட்டார்" என்பதை விடமாட்டோம் என்கிறார்கள், உண்மையிலேயே கேட்டார், நான்தான் கை தூக்கினேன். ஈரோட்டான் அந்தப் பையன் சொன்னதைத்தான் போட வேண்டும் என்கிறான். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது, இலையில் நிறைவு தெரிகிறது, தூரம் தெரியவில்லை. இரண்டுக்கு இரண்டு நிற்கிறது. வேனில் சைக்கிளை ஏற்றும்வரை பேசினோம், மேலூர் தாண்டியும் பேசிக்கொண்டிருக்கிறோம். இப்போதைக்கு இங்கே நான் எனக்குப் பிடித்ததையே போட்டுக்கொள்கிறேன்:

*"நீங்க ரொம்ப தூரம் வந்திருப்பீங்க, அதான்ணே."*